திறப்பு கொடுக்கும் நாளில் மீற்றரையும் பாருங்கள்

கேள்வி: உப்புவெளியில் வாடகைக்கு இருக்கிறோம், செப்டெம்பர் 30 வீட்டை விடப்போகிறோம். ஒப்பந்தத்தில் ஒரு மாத அறிவித்தல் என்று இருக்கிறது. வீட்டுக்காரர் கொழும்பில், "போனில் சொன்னால் காணும்" என்கிறார். கரண்ட் பில் மாத நடுவில்தான் வரும், முற்பணத்தில் எவ்வளவு கழிப்பார் என்று பயமாக இருக்கிறது. கடிதம் கட்டாயமா?

பதில்: எழுதுங்கள். போனில் எவ்வளவு நல்லா கதைத்தாலும், "நீங்கள் செப்டெம்பர் நடுவில்தானே சொன்னீங்கள், ஒக்டோபர் வாடகையும் தரவேணும்" என்று அவர் கேட்டால் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. ஓகஸ்ட் 31க்கு முன் கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேரவேண்டும், அதனால் ஒரு கிழமை முந்தியே பதிவுத் தபாலில் போட்டு அந்தத் துண்டை வைத்திருங்கள், வாட்ஸ்அப்பிலும் படமாக அனுப்புங்கள். கடிதத்தில் இவ்வளவு போதும்:

"செப்டெம்பர் 30 மாலை 4 மணிக்கு வீட்டை ஒப்படைக்கிறேன். நீங்கள் அல்லது நீங்கள் எழுத்தில் சொல்லும் ஒருவர் வந்து திறப்புகளை வாங்கவும். முன்கதவு 2, கேற் 1, மோட்டர் அறைப் பூட்டு 1. அப்போதே மின், நீர் மீற்றர் இலக்கங்களை இருவரும் பார்த்துக் கையொப்பமிடுவோம்."

திறப்பும் இலக்கமும் ஒரே நேரத்தில் என்பதுதான் முக்கியம். திறப்பை முதல்நாளே மச்சானிடம் கொடுத்துவிட்டுப் போனால், பெயின்ற் அடிக்க வந்தவர்கள் ஓடவிட்ட மோட்டரும் உங்கள் கணக்கில்தான் ஏறும்.

இனி பில். பேச்சுக்கு, 14ஆம் திகதி பில்லில் 8412, 30ஆம் திகதி மீற்றரில் 8466 என்றால் உங்களுடையது 54 அலகு. அடுத்த பில் ஒக்டோபர் 14இல் 8526 என்று வந்தால் மொத்தம் 114. பாவனைக் கட்டணம் 3,800 ரூபா என்றால் உங்கள் பங்கு 1,800, நிலையான கட்டணத்தில் 30 நாளுக்கு 16 நாள். ஆனால் அலகு கூடக்கூட விலையும் படிப்படியாகக் கூடும், புதிதாக வருகிறவர் ஏசி போட்டால் உங்கள் 54 அலகும் கூடிய விலைக்கு இழுபடும். அதனால் பில் வரும்வரை பிடித்துவைக்கும் தொகையை, 3,000 என்றோ என்னவோ, முன்கூட்டியே பேசி அதையும் கடிதத்தில் எழுதிவிடுங்கள், மிச்ச முற்பணம் அன்றைக்கே கையில் வரட்டும்.

இன்னொன்று. 14ஆம் திகதி பில் வந்ததும் அதில் உள்ள இலக்கத்தை மீற்றரோடு ஒருதரம் ஒப்பிடுங்கள். கேற் பூட்டியிருந்து வாசிக்க முடியாமல் போனால் மதிப்பீட்டில் பில் போடுவார்கள், அப்போது உங்கள் கழித்தல் கணக்கே பிழைக்கும். தண்ணீர் மீற்றரில் கறுப்பு இலக்கங்களை மட்டும் எடுங்கள், ஒரு அலகு 1,000 லீற்றர். சிவப்பு அதற்குக் குறைந்த லீற்றர் கணக்கு. படம் எடுக்கும்போது மீற்றர் இலக்கத் தகடும் தெரியவேண்டும், இல்லாவிட்டால் எந்த வீட்டு மீற்றர் என்று கேட்பார்கள்.