சூரியனை வெட்ட வேண்டாம்

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது. நோர்வேயில் துரொம்சோ என்ற ஊரிலுள்ள பேனா நண்பனுக்குப் பொங்கலைப் பற்றியும் பிடித்த விளையாட்டுகளைப் பற்றியும் கடிதம் எழுதியிருக்கிறான். சூரியனுக்குப் பொங்குவதும் விண் பூட்டிய பட்டமும் அந்தப் பிள்ளைக்கு விளங்குமா? அவற்றை வெட்டிவிட்டு கிரிக்கெட் என்று எழுதச் சொல்லலாமா? (ஒரு தாய், கோப்பாய்)

பதில்: சூரியனையா வெட்டப் போகிறீர்கள் அம்மா? அதுவும் துரொம்சோவுக்குப் போகிற கடிதத்தில்! அந்த ஊரில் நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் ஜனவரி நடுப்பகுதி வரைக்கும் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நாங்கள் முற்றத்தில் கோலம் போட்டு, மூன்று கல்லு வைத்து, கிழக்கே பார்த்துப் பானை ஏற்றுகிற அதே நாட்களில்தான் அங்கே சூரியன் திரும்பி வருகிறது. சுற்றிவர மலை என்பதால் ஊருக்குள் வெயில் விழ இன்னும் சில நாள் பிடிக்கும். ஜனவரி 21ஐச் சூரியன் வந்த நாளாகக் கொண்டாடி, ஜாம் வைத்த இனிப்புப் பணிஸ் சாப்பிடுவார்கள். எங்கள் சர்க்கரைப் பொங்கல் ஏன் என்று யாருக்காவது உடனே விளங்குமென்றால் அது அந்தப் பிள்ளைக்குத்தான். பயறு வறுத்ததையும் தேங்காய்ப்பால் பொங்கி வழிந்ததையும் ஒன்றும் விடாமல் எழுதட்டும்.

புலமைப்பரிசில் பரீட்சைக்கு என்று மாதிரிக் கட்டுரை பாடமாக்க வைக்கிற பழக்கத்தை இந்தப் பக்கத்தில் நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன், இன்றைக்கும் திட்டுகிறேன். 'பொங்கல் தமிழரின் பெருவிழா' என்று தொடங்கும் கட்டுரையை ஆயிரம் பிள்ளைகள் எழுதலாம், அதில் உங்கள் மகன் எங்கே?

சரி, விண்ணுக்கு வருவோம். அதைப் பெயரோடு விட்டால் அங்குள்ள பிள்ளைக்கு விளங்காதுதான், ஆனால் அதற்கு மருந்து வெட்டுவதல்ல, செய்வதைச் சொல்வது. மூங்கிலை வில்லாக வளைத்து, அதன் குறுக்கே நாடாவை இறுக்கிக் கட்டிப் பட்டத்தின் தலையில் பூட்டுகிறோம், வாடைக்காற்று பட்டதும் நாடா அதிர்ந்து கூவுகிறது, நாடா தளர்ந்தால் சத்தமே வராது. முச்சை பிசகினால் பட்டம் ஒரு பக்கம் இழுத்துக் குத்தும், அப்போது இறக்கி நூலைச் சரிபார்த்துத் திரும்ப ஏற்ற வேண்டும். இரவில் கட்டிவிட்ட பட்டம் படுக்கையில் கிடக்கிறவனுக்கும் கேட்கும். பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கிற பட்டப் போட்டியைப் பார்த்திருந்தால் அதையும் சேர்க்கட்டும். கிரிக்கெட்டில் உண்மையாகவே ஆசை என்றால் அதுவும் வரட்டும், உங்கள் வாயிலிருந்து மட்டும் வேண்டாம்.

எழுத்துப்பிழையை வேண்டுமானால் திருத்துங்கள். அப்புறம், சூரியன் வராத அந்த வாரங்களில் நீங்கள் வெளியே என்ன விளையாடுவீர்கள் என்று கடைசியில் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். கேள்வி இருந்தால் பதில் எழுதுவது அந்தப் பிள்ளைக்குச் சுகம்.