ரிப்பீட் ஆர்டருக்கு எத்தனை மணி நேரம் போடுவது?

"முதல் 4 மெஷின் செய்ய 400 மணி நேரம் ஆனது. அதே 4 மறுபடி கேட்கிறார்கள். 80% கற்றல் வளைவு என்றால் கூலிக்கு 320 மணி நேரம் போடலாமா?"

இல்லை, 240. எண்ணிக்கை இரட்டிக்கும்போது 80 சதவீதமாகக் குறைவது எல்லா மெஷின்களின் சராசரி நேரம். முதல் 4-க்குச் சராசரி 100 மணி நேரம்; 8 மெஷினுக்குச் சராசரி 80 மணி நேரம், மொத்தம் 640. அதில் 400 ஏற்கெனவே முடிந்துவிட்டது.

ஆனால் அந்த 80% உங்கள் பட்டறைக்குப் பொருந்துகிறதா? பழைய நேரக் குறிப்பைப் பாருங்கள். முதல் மெஷினுக்குச் சுமார் 156, முதல் இரண்டுக்கும் சேர்த்து 250 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். நான்குமே ஏறக்குறைய 100 என்றால் குறைக்கவே வேண்டாம்.

அப்புறம், குறைவது கூலி மட்டும்தான், மூலப்பொருள் செலவு அப்படியே இருக்கும். இடைவெளி நீண்டு ஆட்களும் மாறியிருந்தால் 240-ஐ நம்பி விலை சொல்லாதீர்கள்.