ராத்திரிப் பட்டினியில் குறைந்தது கொழுப்பு அல்ல

கேள்வி: எனக்கு வயது 39, உயரம் 158 செ.மீ. இரண்டு மாதமாகத் தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டு மூன்று இட்லி அல்லது இரண்டு சப்பாத்தியோடு முடித்துக்கொள்கிறேன். கொழுப்பு அளவும் காட்டும் எடை மெஷின் வாங்கி, காலையில் ஏறி நின்று நோட்டில் எழுதி வருகிறேன். முதல் நாள் 74.9 கிலோ. நேற்று 74.8. கொழுப்பு 36-க்கும் 38-க்கும் நடுவே ஆடுகிறது. எடை கூடிய நாளில் ராத்திரி சாப்பாட்டை விட்டுவிடுவேன். பிள்ளைகள் கேட்டால், "அம்மா அப்பவே சாப்பிட்டுட்டேன்" என்று சொல்லிவிடுவேன். மறுநாள் குறையும், ஆனால் நிற்பதில்லை. கணவர் மெஷினில்தான் கோளாறு என்கிறார். மெஷினை மாற்றட்டுமா, இந்த முயற்சியையே விட்டுவிடட்டுமா? நோட்டின் நகலை இணைத்திருக்கிறேன்.
– வாசகி, கரூர்

பதில்: "அம்மா அப்பவே சாப்பிட்டுட்டேன்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நான் அந்த வரியை விடப்போவதில்லை. எடை மெஷின் பற்றி எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இப்படி ஒரு வரி எங்கேயாவது ஒளிந்திருக்கும். உங்கள் கணக்கு குழம்பியதற்கும் அதுவே காரணம் என்பதால், முதலில் உங்கள் நோட்டையே திறந்து காட்டுகிறேன்.

முதல் வாரம், திங்கள் முதல் ஞாயிறு வரை இப்படி எழுதியிருக்கிறீர்கள்: 74.9, 74.1, 74.6, 75.3, 74.4, 74.0, 74.9. புதன்கிழமைக்கு எதிரே 'ரிசப்ஷன்' என்று ஒரு குறிப்பு. மறுநாள் காலை 700 கிராம் கூடியிருக்கிறது. வியாழன் ராத்திரி பட்டினி. வெள்ளிக்கிழமை 900 கிராம் காணோம். பட்டினி பலித்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள்.

ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. ஒரே ராத்திரியில் 700 கிராம் கொழுப்பு ஏற வேண்டுமானால், உடம்புக்குத் தேவையானதற்கு மேல் 5,000 கலோரிக்கும் அதிகமாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். இட்லிக் கணக்கில் அது நூறைத் தொடும். நீங்கள் அப்படிச் சாப்பிடவில்லை. அப்பளத்திலும் ஊறுகாயிலும் குழம்பிலும் போன உப்பு, தண்ணீரைப் பிடித்து வைத்தது. சோறும் இனிப்பும் சர்க்கரைச் சேமிப்பாகத் தசையிலும் கல்லீரலிலும் போய் உட்கார்ந்தன. கிளைக்கோஜன் என்னும் அந்தச் சேமிப்பு ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரை வைத்துக்கொள்ளும். இவற்றோடு குடலில் இருந்த சாப்பாட்டின் எடை. அவ்வளவுதான் அந்த 700 கிராம்.

பட்டினி கிடந்தபோது போனதும் இதேதான். குடல் காலியானது, சர்க்கரைச் சேமிப்பு கரைந்தது, அதோடு தண்ணீரும் போனது. மறுபடி ஒழுங்காகச் சாப்பிட்டதும் எல்லாம் திரும்பி வந்தன. "நிற்பதில்லை" என்று வருத்தப்படுகிறீர்கள். தண்ணீர் எப்படி நிற்கும்?

நான் சொல்வதற்குச் சாட்சி அதே வரியில் நீங்கள் எழுதிய கொழுப்பு எண்ணில் இருக்கிறது. வியாழன் 36.9 சதவீதம், வெள்ளி 38.1. 75.3 கிலோவில் 36.9 சதவீதம் என்றால் 27.8 கிலோ கொழுப்பு. 74.4 கிலோவில் 38.1 சதவீதம் என்றால் 28.3 கிலோ. அதாவது பட்டினி கிடந்த ராத்திரியில் உங்களுக்கு அரை கிலோ கொழுப்பு கூடியதாக மெஷின் சொல்கிறது. இதைப் படித்தபோது உங்களுக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

அந்த மெஷின் கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. ஒரு பாதத்திலிருந்து மறு பாதத்துக்கு மிகச் சிறிய மின்சாரம் ஒன்றை அனுப்புகிறது. நீர் நிறைந்த தசையில் மின்சாரம் சுலபமாகப் போகும், கொழுப்பில் தடைபடும். அந்தத் தடையை அளந்து, நீங்கள் ஆப்பில் கொடுத்த வயது, உயரம், பாலினத்தோடு ஒரு சூத்திரத்தில் போட்டு, இவ்வளவு கொழுப்பு இருக்கலாம் என்று கணிக்கிறது. உடம்பில் தண்ணீர் குறைந்தால் தடை கூடும். உடனே கொழுப்பு கூடிவிட்டதாகக் காட்டும். குளித்த ஈரப் பாதத்தோடு நின்றாலும், நடந்து வியர்த்துவிட்டு வந்து நின்றாலும் எண் மாறும். மின்சாரம் பெரும்பாலும் கால்கள் வழியாகவே போய் வருவதால், வயிற்றில் இருக்கும் கொழுப்பை அது சரியாகப் பார்ப்பதும் இல்லை. ஆஸ்பத்திரியில் டெக்ஸா ஸ்கேன் எடுத்தால் வரும் எண்ணுக்கும் இதற்கும் சில சதவீதம் வித்தியாசம் இருக்கலாம். ஆகவே 37 என்ற எண்ணை உங்கள் உடம்பின் உண்மை அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே மெஷினில், ஒரே மாதிரி நின்று எடுத்த அளவுகள் மாதக்கணக்கில் எந்தப் பக்கம் போகின்றன என்பதற்கு மட்டும்தான் அது உதவும்.

இனி எடைக்கு வருவோம். முதல் நாளையும் நேற்றையும் மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு மாதத்தில் நூறு கிராம் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். நான் ஒவ்வொரு வாரத்தின் ஏழு எண்களையும் கூட்டி ஏழால் வகுத்துப் பார்த்தேன். முதல் நாலு வாரம்: 74.6, 74.4, 74.1, 74.9. அடுத்த நாலு வாரம்: 73.9, 73.5, 73.4, 74.2.

நாலாவது வாரமும் எட்டாவது வாரமும் தூக்கி நிற்கின்றன, பாருங்கள். அந்த இரண்டு வாரங்களும் முடிந்த கையோடுதான் நோட்டின் ஓரத்தில் மாதவிலக்குத் தேதிக்கு வட்டம் போட்டிருக்கிறீர்கள். விலக்குக்கு முந்தைய நாட்களில் பல பெண்களுக்கு உடம்பு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அரை கிலோவும் கூடும், ஒரு கிலோவுக்கு மேலும் கூடும். அதனால் உங்கள் வயதில் ஒரு வாரத்தை அதற்கு முந்தைய வாரத்தோடு ஒப்பிடுவது போதாது. போன சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். ஒன்றாவது வாரத்துக்கும் ஐந்தாவதற்கும் 0.7 கிலோ குறைவு. இரண்டுக்கும் ஆறுக்கும் 0.9. மூன்றுக்கும் ஏழுக்கும் 0.7. நாலுக்கும் எட்டுக்கும் 0.7. நாலு ஜோடியும் ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே அளவு. தினசரி ஆட்டம் இப்படி வரிசை கட்டி நிற்காது. நாலு வாரத்துக்கு முக்கால் கிலோ என்பது நாளுக்கு ஏறத்தாழ 200 கலோரிப் பற்றாக்குறை. உங்கள் நடைக்கும், நிறுத்திய சோற்றுக்கும் அது பொருந்தி வருகிறது.

கொழுப்பு எண்ணையும் முதல் நாலு வாரத்துக்கு ஒன்று, அடுத்த நாலு வாரத்துக்கு ஒன்று என்று சராசரி பார்த்தேன். 37.4, பிறகு 36.9. திசை சரி. ஆனால் இந்த மெஷினில் அரை சதவீதம் என்பது நான் சத்தியம் செய்யும் அளவு அல்ல. இன்னும் எட்டு வாரம் இதே பக்கம் போனால் நம்பலாம். எடை இறங்கிக்கொண்டே போக, கொழுப்புச் சதவீதம் மட்டும் மாதக்கணக்கில் அசையாமலோ ஏறியோ நின்றால், தசை கரைகிறதோ என்று பார்க்க வேண்டும். பருப்பும் முட்டையும் தயிரும் இல்லாமல் வயிற்றைக் காயப்போட்டு இளைப்பவர்களுக்கு அது நடக்கும். நீங்கள் அந்த வழியில்தான் கால் வைத்திருக்கிறீர்கள்.

இப்போது அந்த ராத்திரி விஷயம். எல்லாருக்கும் தட்டில் பரிமாறிவிட்டு, பசியோடு நின்றுகொண்டு, சாப்பிட்டாகிவிட்டது என்று பெற்ற பிள்ளைகளிடம் பொய் சொல்கிறீர்கள். அவர்கள் நம்பிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அடுக்களையில் அம்மாவின் தட்டு நனையவில்லை என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். வீட்டில் எல்லாருக்கும் போட்டுவிட்டு மிச்சம் இருந்தால் சாப்பிடுவது என்ற வழக்கத்தில் நம் பாட்டிகள் உடம்பைத் தேய்த்தார்கள். அதை ஒழிக்க வேண்டிய தலைமுறை, மெஷின் பெயரைச் சொல்லி அதே வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவருகிறது. இதை நான் பொறுத்துக்கொள்ள மாட்டேன். குடும்பத்துக்கு ஒரு தாய் செய்ய வேண்டிய கடமையில், அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதும் ஒன்று.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. மெஷினில் கோளாறா என்று கண்டுபிடிக்க இரண்டு நிமிஷம் போதும். தரை ஓட்டின் மேல் வையுங்கள், மிதியடி மேல் அல்ல. நீங்கள் ஏறி நின்று எடையைப் பாருங்கள். பிறகு பிரிக்காத 10 கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். ஏறக்குறைய பத்து கூடினால் மெஷினில் குறையில்லை. அந்தச் சோதனையைச் செய்துவிட்டு, மனைவி ராத்திரி சாப்பிட்டாளா என்றும் அவர் கேட்கட்டும். பக்கத்தில் இருப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

இனிமேல் இப்படிச் செய்யுங்கள். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்ததும், காபிக்கும் குளியலுக்கும் நடைக்கும் முன்னால், உலர்ந்த பாதத்தோடு ஏறுங்கள். எண்ணைப் பார்க்க வேண்டாம். உங்கள் கணவர் பார்த்து எழுதட்டும். ஞாயிற்றுக்கிழமை ஏழையும் கூட்டி, சராசரி ஒன்றை மட்டும் உங்களிடம் சொல்லட்டும். கொழுப்புச் சராசரி நாலு வாரத்துக்கு ஒரு முறை போதும். அன்றைக்கே ஒரு டேப்பை எடுத்து இடுப்பையும் அளந்துகொள்ளுங்கள். அந்த மெஷின் காணாத வயிற்றை டேப் காணும். நாலு ஜோடி வாரங்களை ஒப்பிட்டும் ஒரு மாற்றமும் இல்லை என்றால்தான் சாப்பாட்டிலோ நடையிலோ எதையாவது மாற்ற வேண்டும். ஒரு நாள் எண்ணுக்காக எதையும் மாற்றக் கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் வாரச் சராசரிக்குக் காத்திருக்காதீர்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறி, கால் வீங்கி, மூச்சு வாங்கினால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். முயற்சி எதுவும் செய்யாமல் எடை தானாக இறங்கிக்கொண்டே போனாலும் அப்படித்தான்.

அடுத்த எட்டு வாரக் கணக்கை எனக்கு அனுப்புங்கள். அதில் எடைக்குப் பக்கத்தில், ஒவ்வொரு ராத்திரியும் யாரோடு உட்கார்ந்து என்ன சாப்பிட்டீர்கள் என்றும் எழுதியிருக்க வேண்டும்.