டக் சத்தம் மட்டும் வருகிறது, செல்ஃப் சுற்றவில்லை: மோட்டாரை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் பழைய டீசல் மினி லோடு வண்டி இருக்கிறது. குடியாத்தத்திலிருந்து பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் உப்புத் தோல் லோடு அடிக்கிறேன். கொஞ்ச நாளாக சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது, செல்ஃப் சுற்றுவதில்லை. லைட், ஹாரன் எல்லாம் நன்றாக இருக்கிறது. பேட்டரி புதிதாகப் போட்டாயிற்று. தள்ளிவிட்டால் உடனே ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். உப்புத் தோல் லோடு என்று எழுதியிருக்கிறீர்களே, என் சந்தேகம் முதலில் போவது அங்கேதான். பச்சைத் தோலிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் தொட்டியின் இடுக்கு வழியாக இறங்கி சேசிஸ் மேலும் கியர்பாக்ஸ் மேலும் சொட்டும். இன்ஜினையும் பேட்டரி மைனஸையும் இணைக்கும் எர்த் கேபிளின் முனை பெரும்பாலும் அந்த இடத்தில்தான் போல்ட் போட்டிருக்கும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வாணியம்பாடி பக்கம் தோல் ஏற்றும் வண்டிகளில் இந்த இணைப்பு மற்ற வண்டிகளைவிடச் சீக்கிரம் கெட்டுப்போகும்.

லைட் நன்றாக எரியும்போது எர்த் எப்படிக் கெட்டிருக்கும் என்று தோன்றும். அதற்குச் செல்ஃபுக்குக் கரண்ட் போகும் பாதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பேட்டரி பிளஸிலிருந்து தடித்த கேபிள் சொலினாய்டின் பெரிய போல்ட்டுக்கு வருகிறது. சொலினாய்டு என்பது மோட்டார் முதுகில் இருக்கும் சின்ன உருளை. அதன் உள்ளே இருக்கும் செம்புத் தட்டு இரண்டு பெரிய போல்ட்டையும் சேர்த்தால் கரண்ட் மோட்டாருக்குள் போகிறது. திரும்பி வருவதற்குப் பல வண்டிகளில் மோட்டாருக்கென்று தனி ஒயர் கிடையாது. மோட்டாரின் பாடி, அது உட்கார்ந்திருக்கும் இன்ஜின், அதிலிருந்து எர்த் கேபிள், பிறகு பேட்டரி மைனஸ், இதுதான் திரும்பும் வழி. ஹெட்லைட்டும் ஹாரனும் இன்ஜின் வழியாகப் போவதில்லை. அவற்றுக்கு எர்த் வண்டியின் பாடியில். பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்குத் தனியாக ஒரு ஒயர் இருக்கும். அதனால் இன்ஜின் எர்த் அறுந்தே போனாலும் லைட் பளிச்சென்றுதான் எரியும்.

இன்னொரு விஷயம், கரண்டின் அளவு. துரு ஏறிய ஒரு இணைப்பில் 0.03 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 5 ஆம்பியர் போனால் அதில் இழப்பு 0.15 வோல்ட், யாருக்கும் தெரியாது. டீசல் செல்ஃப் 200 ஆம்பியர் கேட்கும்போது அதே இணைப்பு 6 வோல்ட்டைத் தின்றுவிடும். மோட்டாருக்கு மீதிப் பாதிதான். சொலினாய்டை இழுக்க அது போதும், டக் என்று சத்தம் வரும். இன்ஜினைச் சுற்ற அது போதாது. ஓம் மீட்டர் வைத்து, பஸ்ஸர் சத்தம் போட்டுப் பார்த்து "எர்த் நன்றாக இருக்கிறது" என்று சொல்வது இதனால்தான் செல்லாது. பெரிய கரண்ட் ஓடாத நிலையில் எர்த்தைச் சோதித்தால் அது பெரும்பாலும் நன்றாகத்தான் தெரியும்.

மீட்டரை எடுப்பதற்கு முன் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். ஒருவர் சாவியைத் திருப்பட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். டேஷ்போர்டுக்கு அடியிலோ ஃபியூஸ் பாக்ஸிலோ மெல்லிய "டிக்" மட்டும் வந்தால் அது ரிலே. சொலினாய்டுக்கே கரண்ட் போய்ச் சேரவில்லை. அப்போது சொலினாய்டில் மாட்டியிருக்கும் மெல்லிய ஒயரில், சாவியைத் திருப்பிய நிலையில், எத்தனை வோல்ட் வருகிறது என்று பாருங்கள். 9க்கும் கீழே என்றால் ரிலே, சாவி ஸ்விட்ச் அல்லது அந்த ஒயரின் லூசான கிளிப்தான் காரணம். இன்ஜினுக்குக் கீழேயிருந்து கனமாக "டொக்" என்று இரும்பு மோதுகிற சத்தம் வந்தால் சொலினாய்டு தன் வேலையைச் செய்கிறது, கோளாறு தடித்த கேபிள் பாதையில் இருக்கிறது. உங்கள் வண்டியில் இது இரண்டாவது வகை என்றே நினைக்கிறேன்.

சரி, மீட்டருக்கு வருவோம். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும், 20 வோல்ட் டிசி நிலையில் வையுங்கள். வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்திருக்க வேண்டும். செல்ஃப் திடீரென்று பிடித்துக்கொண்டால் இன்ஜின் ஓடிவிடக்கூடாது. ஸ்டாப் குமிழை இழுத்து வையுங்கள் அல்லது பம்ப்பின் ஸ்டாப் ஒயரைக் கழற்றி விடுங்கள். ஒவ்வொரு தடவையும் சாவியை ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஸ்க்ரூடிரைவரால் இரண்டு போல்ட்டையும் ஷார்ட் செய்து பார்க்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள். கியரில் இருந்தால் வண்டி உங்கள் மேலேயே ஏறிவிடும்.

மேல்விஷாரத்தில் ஒரு தோல் லோடு வண்டியில் எடுத்த அளவுகளையே சொல்கிறேன், கணக்குப் புரிந்துவிடும். புகார் உங்களுடையதேதான்.

சும்மா இருக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட். சாவியைத் திருப்பிப் பிடித்தபோது, பேட்டரியின் ஈயக் கம்பத்தில் மீட்டர் முனையை வைத்துப் பார்த்தால் 11.8. இந்த ஒரு அளவே பாதிக் கதையைச் சொல்லிவிடும். செத்த பேட்டரியாக இருந்தால் 8, 7 என்று கீழே விழுந்திருக்கும். பேட்டரி நல்லதாக இருந்து செல்ஃப் உள்ளே ஷார்ட்டாகியிருந்தாலோ இன்ஜின் ஜாம் ஆகியிருந்தாலோ கரண்ட் எக்கச்சக்கமாக ஓடி அப்போதும் வோல்டேஜ் இறங்கும். 11.8இல் நிற்கிறது, ஆனால் மோட்டார் சுற்றவில்லை என்றால் பாதையில் எங்கேயோ கரண்டை யாரோ மறித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எங்கே என்பதை அடுத்த மூன்று அளவுகள் காட்டும். எல்லாம் சாவியைத் திருப்பிப் பிடித்த நிலையில். முதலில் ஒரு முனை பேட்டரி பிளஸ் கம்பத்தில், இன்னொன்று சொலினாய்டுக்குக் கேபிள் வந்து சேரும் போல்ட்டில்: 0.4 வோல்ட். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் பிளஸ் கேபிளில் குறை இல்லை. அடுத்து அதே போல்ட்டுக்கும் மோட்டாரின் பாடிக்கும் நடுவே: 4.1 வோல்ட். 12 வோல்ட் மோட்டாருக்குக் கிடைப்பது வெறும் நான்கு. கடைசியாக மோட்டார் பாடிக்கும் பேட்டரி மைனஸ் கம்பத்துக்கும் நடுவே: 7.3 வோல்ட். நல்ல எர்த்தில் இதுவும் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 0.4, 4.1, 7.3 மூன்றையும் கூட்டினால் 11.8 வரும், பேட்டரிக் கணக்கு நேராகிவிட்டது. திருடன் எர்த் பக்கம்.

மீட்டர் முனையைக் கிளாம்ப்பில் வைக்காமல் கம்பத்திலேயே வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கம்பத்துக்கும் கிளாம்ப்புக்கும் நடுவே வெள்ளைப் பூ பூத்து, அங்கேயே சில வோல்ட் போகும் வண்டிகள் ஏராளம். கிளாம்ப்பில் வைத்தால் அந்தக் கோளாறு அளவிலிருந்து தப்பித்துவிடும்.

எர்த் பக்கம் என்று தெரிந்த பிறகு, ஒரு முனையைப் பேட்டரி மைனஸ் கம்பத்திலேயே விட்டுவிட்டு இன்னொன்றை இணைப்பு இணைப்பாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். மைனஸ் கிளாம்ப், கேபிள் சேசிஸில் சேரும் போல்ட், சேசிஸிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் பட்டையின் இரு முனைகள், கடைசியில் இன்ஜின் பிளாக். அளவு சட்டென்று எங்கே ஏறுகிறதோ அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஆள் இருக்கிறார். அந்த வண்டியில் சேசிஸ் போல்ட் வரை 0.2, பட்டையின் மறுமுனையில் போல்ட் நுழையும் வளையமான லக்கில் 0.9, லக்கைத் தாண்டி கியர்பாக்ஸ் இரும்பில் 7 வோல்ட்டுக்கு மேல். போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றினால் லக்குக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே பச்சைக் களிம்பும் உப்பும் ஓட்டாகப் படிந்திருந்தன. லக்கின் கழுத்தில் உறையைக் கொஞ்சம் கிழித்துப் பார்த்தால் செம்பு இழைகள் விரலில் பொடியாக உதிர்ந்தன.

மீட்டர் இல்லாமலும் ஒரு அடையாளம் கிடைக்கும். இன்ஜின் எர்த் கெட்டால் கரண்ட் கிடைத்த குறுக்கு வழியில் போகும். ஆக்ஸிலரேட்டர் கேபிளும் கிளட்ச் கேபிளும் இன்ஜினைப் பாடியோடு சேர்க்கும் இரும்புக் கம்பிகள்தானே. சாவியைச் சில தடவை திருப்பிய பிறகு அவற்றின் உறை சூடாக இருந்தாலோ கருகிய வாடை வந்தாலோ எர்த்தைத் தவிர வேறெதையும் தேட வேண்டாம். தடித்த ஜம்பர் கேபிள் இருந்தால் இன்னும் சுலபம்: ஒரு முனையை முதலில் பேட்டரி மைனஸில், மறுமுனையைப் பெயின்ட் இல்லாத இன்ஜின் இரும்பில் பிடித்துவிட்டு சாவியைத் திருப்புங்கள். செல்ஃப் சுற்றினால் விடை கிடைத்துவிட்டது.

சரிசெய்வது பெரிய வேலை இல்லை. பேட்டரி மைனஸை முதலில் கழற்றுங்கள். பட்டையை முழுவதும் எடுத்து, உட்காரும் இடத்தை வெறும் இரும்பு பளபளக்கும்வரை உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். பெயின்ட் மேல் லக் உட்காரக்கூடாது. பழைய பட்டையைத் துடைத்துத் திரும்பப் போடுவது வீண், இழை உள்ளே போயிருக்கும். 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் லக்கைக் கருவியால் அழுத்திப் பிடித்ததை வாங்கிப் போடுங்கள். சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கிய லக் வேண்டாம். பல் வாஷர் வைத்து இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் அப்புங்கள். உங்கள் வேலைக்கு இன்னொன்றும் செய்யலாம்: சேசிஸை நம்பாமல் பேட்டரி மைனஸிலிருந்து நேராக இன்ஜினுக்கே ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள், உப்பு சொட்டாத பக்கமாக. மேல்விஷாரம் வண்டியில் அப்படிப் போட்ட பிறகு எர்த் இழப்பு 0.2க்கு வந்தது, பழைய மோட்டாரே சுற்றியது.

பழைய பேட்டரி கெட்டதற்கும் இதே காரணமாக இருக்கலாம். ஆல்டர்னேட்டருக்கும் எர்த் பெரும்பாலும் இன்ஜின்தான். அது 14.2 வோல்ட் கொடுத்தாலும் வழியில் ஒரு வோல்ட் போய்விட்டால் பேட்டரிக்குச் சார்ஜ் நிரம்பாது. வேலை முடிந்ததும் இன்ஜின் ஓடும்போது பேட்டரி கம்பங்களில் 13.8இலிருந்து 14.5க்குள் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் புதுப் பேட்டரியும் அதே வழியில் போகும்.

எர்த்தும் பிளஸும் இரண்டுமே அரை வோல்ட்டுக்குள் இருக்கிறது என்று வந்தால்தான் மோட்டாரைப் பேச வேண்டும். அப்போது சொலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். சாவியைத் திருப்பும் முன் 12 காட்டும். திருப்பி டொக் சத்தம் வந்த பிறகு அரை வோல்ட்டுக்குள் விழ வேண்டும். விழாமல் பல வோல்ட் நின்றால் உள்ளே செம்புத் தட்டு கருகியிருக்கிறது, சொலினாய்டை மட்டும் மாற்றலாம். அங்கேயும் விழுந்து, மோட்டாருக்கு 11 வோல்ட்டுக்கு மேல் கிடைத்தும் சுற்றவில்லை என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். அதற்கும் முழு மோட்டார் தேவையில்லை. ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் பிரஷ் செட் மாற்றச் சொல்லி, ஆர்மேச்சரையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.