வங்கி நோட்டீஸை வீடியோவில் வாசிப்பது: வாசகம் வேறு, விளக்கம் வேறு

கேள்வி: திருநெல்வேலியில் சின்னதாக ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறேன். வீட்டுக்கடன் தவணை தவறியவர்களுக்கு வங்கி அனுப்பும் 60 நாள் நோட்டீஸை வாசித்து விளக்க வேண்டும். அப்படியே வாசித்தால் யாருக்கும் புரியவில்லை. எளிமையாகச் சொன்னால் அர்த்தம் மாறிவிட்டது என்கிறார்கள். எப்படித்தான் வாசிப்பது?

பதில்:

வாசிப்பதையும் விளக்குவதையும் ஒரே குரலில் கலப்பதுதான் இதில் பெரும்பாலான கோளாறுக்குக் காரணம். நோட்டீஸ் சொல்வதை ஒரு சொல் குறையாமல் எழுத்துத் தமிழில் வாசியுங்கள். அப்போது கண் தாளில் இருக்கட்டும், திரையில் அந்த வரி தெரியட்டும், மூலையில் ‘வாசகம்’ என்று எழுதியிருக்கட்டும். விளக்கும்போது கேமராவைப் பார்த்து நம்மூர்ப் பேச்சில் பேசுங்கள், மூலையில் ‘விளக்கம்’ என்று மாற்றுங்கள். வாயால் சொன்னால் மட்டும் போதாது. வீடியோவில் இருந்து அரை நிமிடத்தை வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அந்தத் துண்டிலும் எது வங்கியின் சொல், எது உங்கள் சொல் என்று தெரிய வேண்டும்.

நோட்டீஸ் ஆங்கிலத்தில் இருந்தால் அந்தத் தாளையே காட்டி, “தமிழாக்கம் எங்களுடையது, ஆங்கில வாசகமே செல்லும்” என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் கேட்பது, கடன் கட்டாதவர் ஈடு வைத்த சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தில் 13(2) பிரிவின் கீழ் வரும் நோட்டீஸ். அதன் உயிர் ஒரே ஒரு நீண்ட வாக்கியத்தில் இருக்கும். எடுத்துக்காட்டாக 5.6.2025 தேதியிட்ட நோட்டீஸ் ஒன்று இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

“இந்த அறிவிப்பின் தேதியிலிருந்து 60 நாட்களுக்குள், 31.5.2025 அன்று நிலுவையில் உள்ள ரூ.18,42,650-ஐயும், அதன்மேல் செலுத்தும் நாள் வரையிலான வட்டியையும் செலவுகளையும் முழுமையாகச் செலுத்துமாறு கோருகிறோம்; தவறினால், மேற்படி சட்டத்தின் 13(4) பிரிவின் கீழுள்ள எல்லா உரிமைகளையும் அல்லது அவற்றில் எதையும் பயன்படுத்த வங்கி உரிமை உடையதாகும்.”

தமிழில் வினை கடைசியில்தான் வரும். கேட்பவர் இத்தனையையும் மனதில் தாங்கிக்கொண்டு ‘கோருகிறோம்’ வரைக்கும் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதனால் வாசிக்கும் முன்பே, “இந்த வாக்கியத்தில் ஒரு கோரிக்கையும் ஒரு எச்சரிக்கையும் இருக்கு” என்று விளக்கக் குரலில் சொல்லிவிடுங்கள். பிறகு இடையில் எதையும் நுழைக்காமல் முழுவதையும் வாசியுங்கள். ‘தவறினால்’ என்பதற்கு முன்னால் ஒரு முழு நொடி நிறுத்தம் வேண்டும். ‘தேதியிலிருந்து’ என்பதற்கும் ‘60 நாட்களுக்குள்’ என்பதற்கும் நடுவில் மூச்சு விடவே கூடாது. அங்கே பிரித்தால் கேட்பவர் காதில் 60 நாள் மட்டும் நிற்கும், எதிலிருந்து என்பது விழுந்துவிடும்.

எண்ணை “பதினெட்டு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய்” என்று முழுசாக வாசியுங்கள். பதினெட்டரை லட்சம் ஆக்காதீர்கள். தேதியை ‘ஐந்து ஆறு’ என்னாமல் ‘ஜூன் ஐந்து’ என்று சொல்லுங்கள். 13(2)-ஐ ‘பதிமூன்றாம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவு’ என்று வாசிக்காவிட்டால் கேட்டு எழுதுகிறவர் 132 என்று எழுதிக்கொள்வார்.

இனி விளக்கம். வழக்கமாகச் சொல்லப்படுவது, “ரெண்டு மாசத்துக்குள்ள பதினெட்டரை லட்சம் கட்டலைன்னா வீடு போயிரும்.” கேட்க எளிமைதான். ஆனால் மூன்று இடத்தில் தப்பு.

60 நாளும் இரண்டு மாதமும் ஒன்றல்ல. ஜூன் 5-ஐ விட்டுவிட்டு எண்ணினால் 60ஆம் நாள் ஆகஸ்ட் 4. இரண்டு மாதம் என்றால் கேட்பவர் ஆகஸ்ட் 5 வரை இருப்பார். அடுத்தது, 18,42,650 என்பது மே 31 அன்றைய கணக்கு. கட்டும் நாள் வரை வட்டியும் செலவும் சேரும் என்று வாக்கியமே சொல்கிறது. மூன்றாவதுதான் மோசமானது: ‘உரிமை உடையதாகும்’ என்பதை ‘செய்துவிடும்’ ஆக்குவது. ‘லாம்’ என்று முடியவேண்டிய இடத்தில் ‘போயிரும்’ என்று முடித்தால், செய்யக்கூடும் என்பது செய்தே தீரும் என்று ஆகிவிடுகிறது. பயந்து நகையை அடிமாட்டு விலைக்கு விற்கிற அளவுக்கு அந்த ஒரு விகுதி ஆளைத் தள்ளும்.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “பேங்க்ல ரெண்டு காரியம் சொல்லுதாவ. ஒண்ணு, மே 31 வரைக்கும் உள்ள பாக்கியையும், நீங்க கட்டுற நாள் வரைக்கும் ஏறுத வட்டியையும் செலவையும் சேத்து முழுசா கட்டணும்னு கேக்காவ. நாள் கணக்கு, தபால் கைக்கு வந்த அன்னைக்கு இல்ல, நோட்டீஸ்ல போட்ட தேதியிலேருந்து. அப்படிப் பாத்தா ஆகஸ்ட் நாலு அறுபதாவது நாள். ரெண்டாவது, கட்டலைன்னா சட்டம் குடுத்த உரிமைல எல்லாத்தையும், இல்ல ஏதாவது ஒண்ணை, பேங்க் பயன்படுத்தலாம்.” மூலத்தைவிட நீளம்தான். நீளத்தைக் குறைக்கப் பார்க்காதீர்கள்.

இதே நோட்டீஸில் இன்னொரு வரியும் இருக்கும்: “இந்த அறிவிப்பைப் பெற்ற பிறகு, வங்கியின் எழுத்துப்பூர்வமான முன் சம்மதமின்றி, மேற்படி சொத்தை விற்பனை, குத்தகை அல்லது வேறு வகையில் மாற்றம் செய்யக் கூடாது.” கவனியுங்கள், இங்கே தொடக்கம் நோட்டீஸ் தேதி அல்ல, கையில் கிடைத்தது. 60 நாளுக்கு ஒரு கணக்கு, இதற்கு வேறு கணக்கு. ‘எழுத்துப்பூர்வமான’, ‘முன்’, ‘சம்மதமின்றி’ மூன்றையும் தனித்தனியாக அழுத்தி வாசியுங்கள். இவை விடுபட்டால் “விற்கவே கூடாது” என்று ஆகிவிடும். சம்மதம் வாங்கி விற்றுக் கடனை அடைக்கும் வழியை நீங்களே மூடிவிட்டதாக ஆகும். ‘வேறு வகையில்’ என்பதற்கு ஒத்தியை உதாரணம் காட்டலாம். நம் பக்கத்தில் கேட்பவர்களுக்கு அதுதான் உடனே பிடிபடும். ஆனால் அதை ‘விளக்கம்’ என்ற பலகையின் கீழ் மட்டும் சொல்லுங்கள், வாசகத்துக்குள் நுழைக்காதீர்கள்.

நோட்டீஸில் இல்லாத, சட்டத்தில் இருக்கிற ஒன்றைச் சேர்க்க விரும்பினால் மூன்றாவதாக ‘சட்டத்தில் உள்ளது’ என்று ஒரு பலகை போடுங்கள். அப்படிச் சேர்க்கத் தகுந்தது ஒன்று உண்டு: கடன் வாங்கியவர் வங்கிக்கு ஆட்சேபம் எழுதலாம், அதை ஏற்க முடியாது என்றால், ஆட்சேபம் கிடைத்த 15 நாளுக்குள் வங்கி காரணம் சொல்ல வேண்டும். இது 13(3A) பிரிவு.

உண்மையான ஒருவரின் நோட்டீஸைக் காட்டுவதாக இருந்தால் பெயர், கடன் கணக்கு எண், கதவு எண், கையெழுத்து எல்லாவற்றையும் கறுப்புக் கட்டத்தால் மூடுங்கள், மங்கலாக்குவது போதாது. சர்வே எண்ணை மறக்கிறார்கள். ஊர்ப் பெயரும் சர்வே எண்ணும் இருந்தாலே எந்த இடம் என்று தெரிந்துவிடும். சொத்து விவரப் பட்டியலை வாசிக்கவே வேண்டாம்.

வெளியிடும் முன், நோட்டீஸைப் பார்க்காத ஒருவரிடம் ஒலியை மட்டும் போட்டுக் காட்டி மூன்று கேள்வி கேளுங்கள். கடைசி நாள் எது? எவ்வளவு கட்டணும்? வீட்டை விற்கலாமா? இரண்டாவதற்கு “18,42,650” என்று மட்டும் பதில் வந்தால் வட்டி அவர் காதில் ஏறவில்லை. மூன்றாவதற்கு “கூடாது” என்று மட்டும் வந்தால் சம்மதம் ஏறவில்லை. அந்த வாக்கியத்தை முழுசாகத் திரும்பப் பதிவு செய்யுங்கள். ஒரு சொல்லை மட்டும் ஒட்டினால் தொனி மாறி, அந்தச் சொல் மறுபடியும் காதில் நழுவும். வாசித்த வரிகளை அப்படியே வீடியோவின் கீழே எழுத்திலும் போட்டுவிடுங்கள். சந்தேகம் வருகிறவர் தன் கையில் இருக்கிற தாளோடு வைத்துப் பார்த்துக்கொள்வார்.