முத்திரை போட்டும் ஏன் முடக்கம்?

"எக்ஸ் தளத்தில் மழை அளவு சொல்லும் பாட் வைத்திருக்கிறேன். யாராவது 'மழை' என்று எழுதினால் தானாகப் பதில் போகும். Automated முத்திரையும் போட்டாயிற்று. ஆனாலும் கணக்கை முடக்கிவிட்டார்கள். ஏன்?"

முத்திரை என்பது அறிவிப்புதான், அனுமதி இல்லை. கணக்கை இயக்குவது நிரல், பின்னால் இன்னார் இருக்கிறார் என்று மட்டுமே அது சொல்கிறது. நடத்தைக்குத் தனி விதி உண்டு. ஒரு சொல்லைத் தேடிப்பிடித்து, கேட்காதவருக்குத் தானாகப் பதில் போடுவதை எக்ஸின் தானியக்க விதிகள் தடுக்கின்றன. பதில் பயனுள்ளதா என்பது கணக்கில் வராது. "மழையில் நனைந்து காய்ச்சல்" என்று புலம்பியவருக்கும் உங்கள் பாட் மில்லிமீட்டர் கணக்கு சொல்லியிருக்குமே! அவர் ஸ்பேம் என்று புகார் கொடுத்தால் குறை சொல்ல முடியாது.

தேடலை நிறுத்திவிட்டு, உங்கள் கணக்கை டேக் செய்து ஊர்ப்பெயர் கேட்பவருக்கு மட்டும் பதில் அனுப்புங்கள். ஒரு கேள்விக்கு ஒரே பதில். நிரல் மறுபடி ஓடும்போது பழைய கேள்விக்கே இரண்டாம் பதில் போவது வழக்கமான கோளாறு. பதில் சொன்ன பதிவின் எண்ணைச் சேமித்தால் அது வராது. 'நிறுத்து' என்று எழுதியவருக்கு அதன்பின் பதில் போகாமல் இருக்கவும் வழி வேண்டும்.

அப்புறம், பதிலை ஏஐ மாடல் எழுதுகிறதென்றால் எக்ஸிடம் முன்கூட்டியே எழுத்துமூல ஒப்புதல் வாங்க வேண்டும். அட்டவணையிலிருந்து எண்ணை எடுத்துத் தருகிறது என்றால் அந்தச் சிக்கல் இல்லை. மாற்றங்களைச் செய்த பிறகு மேல்முறையீடு போடுங்கள், என்ன மாற்றினீர்கள் என்பதையும் அதில் எழுதுங்கள்.