சுவர் ஏணியைப் பிடித்துக்கொள்ளுமா?

"வெளிச்சுவருக்கு வெள்ளையடிக்க 4 மீட்டர் அலுமினிய ஏணி வாங்கினேன். சுவரடியில் செடித் தொட்டிகள் இருப்பதால் ஏணியை 2.7 மீட்டர் தள்ளித்தான் வைக்க முடியும். சுவர் சொரசொரப்பு, அதுவே பிடித்துக்கொள்ளும் என்கிறார் கடைக்காரர். பிளஸ் ஒன் படிக்கும் மகனும் கணக்குப் போட்டு, ஏணி தரையோடு 48 டிகிரி சாய்ந்திருந்தால் போதும் என்கிறான். ஏறலாமா?"

ஏறாதீர்கள். முதலில் தொட்டிகளை நகர்த்துங்கள்.

மகன் போட்ட கணக்கில் தப்பில்லை. அழுத்தும் விசையில் எத்தனை பங்கு பிடியாகக் கிடைக்கும் என்பதுதான் உராய்வுக் குணகம். தரைக்கு அது 0.4, சுவருக்கு 0.3 என்று எடுத்திருப்பான். 48 டிகிரிதான் வரும். ஆனால் அது வெற்று ஏணிக்கான விடை. பரீட்சையில் வருடா வருடம் வெற்று ஏணியைத்தான் சாய்த்துவைக்கிறார்கள். அதில் ஒரு ஆளை ஏற்றிவிட்டுக் கேட்டால் என்ன குறைந்துவிடுமோ, தெரியவில்லை.

நாம் ஏற்றிப் பார்ப்போம். ஏணி 12 கிலோ, நீங்கள் 70 கிலோ, நிற்பது உச்சியில். எல்லாத் திருப்புவிசையையும் ஏணியின் அடியை மையமாக வைத்து எடுத்தால், தரையின் விசைகள் கணக்கிலிருந்து கழன்றுவிடும். ஏணியைக் கீழே சாய்க்கப் பார்ப்பது உங்கள் முழு எடையும் ஏணியின் பாதி எடையும்: 70 + 6 = 76 கிலோ. இதைச் சுவருக்கும் ஏணி அடிக்கும் உள்ள தூரத்தால் பெருக்க வேண்டும். எதிர்த்து நிற்பது சுவரின் தள்ளல். அதை உயரத்தால் பெருக்க வேண்டும். அந்தத் தள்ளல் எவ்வளவு இருக்க முடியும்? ஏணியின் அடியைத் தரை எவ்வளவு பிடித்து நிறுத்துமோ அவ்வளவுதான். சுவர் வழவழப்பு என்றால் மொத்த 82 கிலோவும் தரையில் இறங்கும். தரையின் பிடி அதில் 0.4 பங்கு, அதாவது 32.8 கிலோ. 76-ஐ 32.8-ஆல் வகுத்தால் 2.32. உயரம் தூரத்தைப்போல் 2.32 மடங்கு இருக்க வேண்டும். கோணம் ஏறக்குறைய 66.7 டிகிரி.

சரி, இப்போது உங்கள் சொரசொரப்புச் சுவர். அது உராய்ந்து ஏணியை மேல்நோக்கி 8.8 கிலோ தாங்கும். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் சுவர் தாங்கிய அந்த எடை தரையில் இறங்காது. தரையில் 73.2 கிலோதான் மிஞ்சும், தரையின் பிடியும் 29.3 கிலோவாகக் குறையும். சுவரின் தள்ளலும் அதே 29.3தான், அதில் 0.3 பங்குதான் அந்த 8.8. சுவர் ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையால் பிடுங்கிக்கொள்கிறது. கோணம் 66.5 டிகிரி. கால் டிகிரி லாபம்கூட இல்லை! கடைக்காரர் சொன்ன சுவர்ப்பிடி இவ்வளவுதான்.

அதே 48 டிகிரியில் ஏறினால் எதுவரை போகலாம் என்றும் பார்த்தேன். சரியாக நடுப்படி வரை. அதைத் தாண்டி ஒரு படி வைத்தால் அடி வழுக்கும். பாதி ஏறி எதுவும் ஆகவில்லை என்ற தைரியத்தில்தான் மனிதர்கள் விழுகிறார்கள்.

கடையில் இன்னொரு வித்தை நடக்கும். ஏணியைச் சாய்த்துவைத்து, கீழ்ப்படியில் ஏறிக் குதித்து, "பாருங்க சார், அசையுதா?" என்பார்கள். கீழ்ப்படியில் நிற்பவரின் எடை ஏணியைச் சாய்ப்பது மிகக் குறைவு. தரையில் இறங்கி அடியை இன்னும் அழுத்தித்தான் பிடிக்கும். அந்தச் சோதனையில் எந்த ஏணியும் தேறும். வீட்டில் பெயின்டர் செய்துகாட்டினாலும் நம்பாதீர்கள்.

66.5 டிகிரி என்பது வழுக்கும் விளிம்பு. அங்கே நிற்கக் கூடாது. ஏணி நீளத்தில் கால் பங்கு மட்டும் தள்ளிவையுங்கள்: உங்களுக்கு 1 மீட்டர். கோணம் 75.5 டிகிரி வரும். ஏணி அடியில் கால்விரல் படும்படி நின்று கையை நேராக நீட்டினால் உள்ளங்கை படியைத் தொட வேண்டும், அளவுநாடா தேவையில்லை.

இதிலும் ஒரு விலக்கு உண்டு, ஈரமான டைல்ஸ். அலசிவிட்ட டைல்ஸ், சுண்ணாம்புத் தண்ணீர் சிந்திய டைல்ஸ், காய்ந்த பெயின்ட் தூள் படிந்த டைல்ஸ், எல்லாம் ஒன்றுதான். குணகம் 0.2-க்கு இறங்கினால் குறைந்தபட்சக் கோணமே 78 டிகிரிக்குப் பக்கத்தில் போய்விடும், 75.5-லும் வழுக்கும். இன்னும் நிமிர்த்தினால் உச்சியில் நிற்கும்போது பின்பக்கம் சாயக்கூடும். ஆக, கோணத்தை மாற்றி இதைச் சரிக்கட்ட முடியாது. அடியில் கோணிச்சாக்கு போடச் சொல்வார்கள்; ஈரத்தில் சாக்கே சேர்ந்து வழுக்கும். டைல்ஸைத் துடைத்துக் காயவிடுங்கள். ஏணியின் இரண்டு கால்களையும் தரையை ஒட்டினாற்போல் கயிற்றால் இழுத்து, சுவர்ப்பக்கம் உறுதியான கம்பியில் கட்டுங்கள். தேய்ந்த ரப்பர் காலுக்குப் பதில் பழைய டயரை வெட்டி மாட்டி "கிரிப்" என்று காசு வாங்குபவரிடம் போகாதீர்கள். ஏணி அளவுக்கே செய்த ரப்பர் கால் தனியாகக் கிடைக்கும்.

மகனிடம், அதே கணக்கில் 70 கிலோவை உச்சிப்படியில் சேர்த்து மறுபடி போடச் சொல்லுங்கள்.